72 பேரிங்குகள்: ஒரு கொள்முதலின் பின்னாலேயே நடந்தபோது

உள்தணிக்கையில் சேர்ந்த புதிதில் நான் செய்த முதல் வாக்த்ரூ ஒரு அழகான கோப்பாக முடிந்தது. ஒரு கொள்முதலை எடுத்துக்கொண்டேன். அந்தப் பொருள் வேண்டும் என்று கேட்ட இண்டென்ட், மூன்று கொட்டேஷன், பர்ச்சேஸ் ஆர்டர், சரக்குப் பெற்ற குறிப்பு, இன்வாய்ஸ், பணம் அனுப்பியதற்கான வங்கிச் சான்று என எல்லாவற்றையும் நகலெடுத்து வரிசையாக அடுக்கினேன். ஒவ்வொரு கையெழுத்துக்கும் பக்கத்தில் பச்சை மையில் ஒரு டிக். மேலாளரிடம் கொண்டுபோய் வைத்தேன். அவர் மெதுவாகப் புரட்டிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “இந்தக் கையெழுத்தைப் போடும்போது அவர் முன்னால் என்ன இருந்தது?”

எனக்குத் தெரியவில்லை. காகிதங்கள் எல்லாம் என் மேஜைக்கு வந்திருந்தன. நான் யாருடைய மேஜைக்கும் போகவில்லை. நான் செய்தது வாக்த்ரூ இல்லை, பேப்பர் சேகரிப்பு. அந்த வித்தியாசம் எனக்கு முழுசாக உறைத்தது சில வருடங்கள் கழித்து, 72 பேரிங்குகள் வாங்கிய ஒரு சின்ன ஆர்டரைப் பின்தொடர்ந்தபோதுதான். இந்தப் பதிவு அதைப் பற்றியது.

முதலில் வாக்த்ரூ என்றால் என்ன என்பதை ஒரு பத்தியில் சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு பரிவர்த்தனையை எடுத்துக்கொண்டு, அது பிறந்த இடத்திலிருந்து கணக்குப் புத்தகத்தில் போய் உட்காரும் வரை, ஊழியர்கள் பயன்படுத்தும் அதே ஆவணங்களோடும் அதே கணினித் திரைகளோடும் கூடவே போவது. அமெரிக்காவில் 2002இல் சார்பேன்ஸ்-ஆக்ஸ்லி சட்டம் வந்த பிறகு இந்தச் சொல் பரவலானது. அங்குள்ள தணிக்கைக் கண்காணிப்பு வாரியமான பிசிஏஓபி 2004இல் கொண்டுவந்த தரநிலை, ஒவ்வொரு முக்கிய வகைப் பரிவர்த்தனைக்கும் குறைந்தது ஒரு வாக்த்ரூ கட்டாயம் என்றது. 2007இல் அதை மாற்றியபோது கட்டாயம் போய், “பெரும்பாலும் இதுவே சிறந்த வழி” என்ற அளவில் நின்றது. சர்வதேசத் தணிக்கைத் தரநிலையான ஐஎஸ்ஏ 315 இன்னொரு விஷயத்தைச் சொல்கிறது: தவறைத் தடுக்க வைத்திருக்கும் ஒரு கட்டுப்பாடு சரியாக வடிவமைக்கப்பட்டிருக்கிறதா, நடைமுறையில் இருக்கிறதா என்று அறிய வெறுமனே விசாரித்தால் மட்டும் போதாது. “செய்கிறோம் சார்” என்ற பதில் சான்று ஆகாது. நான் அன்று அடுக்கிய கோப்பு, அந்தப் பதிலைக் காகிதத்தில் வாங்கிவந்தது மாதிரிதான்.

சரி, பேரிங்குகளுக்கு வருவோம்.

எந்தக் கொள்முதலைப் பின்தொடர்வது என்பதே முதல் சிக்கல். கொள்முதல் துறையிடம் “ஒன்று கொடுங்கள்” என்று கேட்டால் இருப்பதிலேயே சுத்தமான ஒன்றைத்தான் கொடுப்பார்கள். அதில் தவறாக எதுவும் இல்லை, விருந்தாளி வந்தால் வீட்டைக் கூட்டிவைப்பதைப் போலத்தான். அதனால் நானே தேர்ந்தெடுப்பேன், அதுவும் கடைசி முனையிலிருந்து: கடந்த மூன்று மாதங்களில் பணம் போன பட்டியலை எடுப்பேன். பணம் போய்விட்டது என்றால் அந்தக் கொள்முதல் எல்லாப் படிகளையும் தாண்டியிருக்க வேண்டும். தேர்ந்தெடுப்பது கடைசியிலிருந்து, நடப்பது முதலிலிருந்து.

இந்த முறை இரண்டு வடிகட்டிகள் போட்டேன். ஒப்புதலுக்குப் பிறகு ஒருமுறையாவது திருத்தப்பட்ட ஆர்டர், சரக்கு இரண்டு தவணையில் வந்த ஆர்டர். “வழக்கமானதை விட்டுவிட்டு விதிவிலக்கை ஏன் எடுக்கிறீர்கள்?” என்று கொள்முதல் மேலாளர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஒரு திருத்தமும் இல்லாமல், ஒரே தவணையில், ஒரே இன்வாய்ஸில் முடியும் கொள்முதலில் பாதிக் கட்டுப்பாடுகளுக்கு வேலையே வராது. தண்ணீர் ஓடாத குழாயில் ஒழுகல் தேடுவது போல ஆகிவிடும். ஆனாலும், திருத்தங்களே இல்லாத இன்னொரு ஆர்டரையும் பிறகு தனியாக நடந்து பார்த்தேன். அதில் சொல்ல எதுவும் இல்லை.

நான் எடுத்த ஆர்டர் பம்புகளுக்கான பேரிங்குகள். தொகை சிறியது. வரியை விட்டுவிட்டுச் சொல்கிறேன்.

3ஆம் தேதி பராமரிப்புப் பொறியாளர் 60 பேரிங்குகளுக்கு இண்டென்ட் போட்டிருக்கிறார். உத்தேச விலை ஒன்றுக்கு 1,500, மொத்தம் 90,000. துறைத் தலைவரின் ஒப்புதல் வரம்பு ஒரு லட்சம். 4ஆம் தேதி அவர் ஒப்புதல் தந்திருக்கிறார். நான் அவர் அறைக்கே போய், அவருடைய கணினியிலேயே ஒப்புதல் திரையைத் திறந்து காட்டச் சொன்னேன். திரையில் பொருளின் பெயர், அளவு, தொகை, கேட்டவரின் பெயர் இருந்தன. ஸ்டோர்ஸில் ஏற்கெனவே எத்தனை இருக்கிறது என்பது இல்லை. “இருப்பைப் பார்ப்பீர்களா?” என்று கேட்டேன். “பார்த்துதானே கேட்டிருப்பார்” என்றார். அதாவது இருப்பைச் சரிபார்ப்பது ஒப்புதலின் ஒரு பகுதி என்று நடைமுறைக் கையேடு சொல்கிறது, அதற்கு வேண்டிய எண்ணைத் திரை தரவில்லை, அவரும் தேடுவதில்லை. இது சின்னக் குறைதான். ஆனால் மேலாளரின் அந்தப் பழைய கேள்விக்குப் பதில் இப்படித்தான் கிடைக்கும்: கோப்பில் இருந்தது “ஒப்புதல்” என்ற ஒரு சொல், அறையில் இருந்தது நான்கு விவரங்கள் கொண்ட ஒரு திரை.

9ஆம் தேதி பர்ச்சேஸ் ஆர்டர். 60 பேரிங்குகள், ஒன்று 1,580, மொத்தம் 94,800. மூன்று கொட்டேஷன்கள் இருந்தன, ஒப்பீட்டுத் தாள் இருந்தது, மிகக் குறைந்த விலைக்காரரிடம்தான் ஆர்டர் போயிருந்தது. கொள்முதல் மேலாளர் 10ஆம் தேதி ஒப்புதல் தந்தார். அவருடைய வரம்பும் ஒரு லட்சம்தான். அதற்கு மேல் போனால் ஆலைத் தலைவரிடம் போக வேண்டும்.

17ஆம் தேதி ஆர்டர் திருத்தப்பட்டது. 60 என்பது 72 ஆனது. தொகை 1,13,760.

அச்சிட்ட ஆர்டரில் இது தெரியவே தெரியாது. அச்சில் 72 இருக்கும், கீழே “ஒப்புதல் அளிக்கப்பட்டது” என்று மேலாளர் பெயரும் 10ஆம் தேதியும் இருக்கும். அவர் ஒப்புதல் கொடுத்தது 60க்கு. இதைத் தெரிந்துகொள்ள ஆர்டரின் மாற்ற வரலாற்றைத் திறக்க வேண்டும். கொள்முதல் முதல் கணக்கு வரை நிறுவனத்தின் வேலைகளை ஒன்றாகப் பதியும் ஈஆர்பி மென்பொருள் ஏறக்குறைய எல்லாவற்றிலும் இது இருக்கும். எஸ்ஏபியில் என்றால் `CDHDR`, `CDPOS` என்ற இரண்டு அட்டவணைகளில் யார், எப்போது, எந்த மதிப்பிலிருந்து எந்த மதிப்புக்கு மாற்றினார்கள் என்பது பதிவாகும். நாங்கள் வைத்திருந்தது வேறு மென்பொருள். அதில் “வரலாறு” என்று ஒரு பொத்தான். அந்தப் பொத்தானை அழுத்தாத வாக்த்ரூ பாதி வாக்த்ரூதான் என்பது என் கட்சி.

தொகை ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது. ஆர்டர் ஏன் ஆலைத் தலைவரிடம் போகவில்லை? கொள்முதல் அலுவலரிடம் கேட்டேன். அவர் ஒளிக்கவில்லை. “பொறியாளர் போன் பண்ணினார் சார், இன்னொரு பம்புக்கும் 12 வேணும்னு. புது இண்டென்ட் போட்டா இன்னொரு வாரம் ஆகும். இதிலேயே கூட்டிட்டேன். சிஸ்டம் ஒண்ணும் சொல்லல.”

சிஸ்டம் ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்பதைக் கண்டுபிடிக்க ஐடி ஆளைப் பக்கத்தில் உட்காரவைத்து அமைப்புத் திரையைத் திறந்தோம். ஒப்புதலுக்குப் பிறகு மதிப்பு 20 சதவீதம் வரை கூடினால் மறு ஒப்புதல் தேவையில்லை என்று எப்போதோ யாரோ அமைத்திருக்கிறார்கள். சில்லறை விலை மாற்றங்களுக்கெல்லாம் ஆர்டர் திரும்பத் திரும்ப ஒப்புதலுக்குப் போகக் கூடாது என்பதற்காக. நோக்கம் சரி. ஆனால் அந்த அமைப்பு சதவீதத்தை மட்டும் பார்த்தது, வரம்பைப் பார்க்கவில்லை. 94,800இல் 20 சதவீதம் 18,960. கூட்டினால் 1,13,760. சரியாக 72 பேரிங்குகள். 73 என்று போட்டிருந்தால் நின்றிருக்கும்.

இது தற்செயலா, அலுவலருக்கு அந்த 20 சதவீதம் தெரியுமா என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கும் தோன்றியது. பம்புக்கு 12 வேண்டும் என்பது பராமரிப்புப் பதிவேட்டில் இருந்தது, அதனால் எண்ணிக்கை தற்செயல்தான் என்று முடிவுக்கு வந்தேன். ஆனால் நான் முடிவெடுக்க வேண்டியது அவருடைய மனதைப் பற்றி இல்லை. 95,000க்கு ஒப்புதல் வாங்கிவிட்டு அதை 1,14,000 ஆக்க முடியும் என்பது அந்த மென்பொருளில் எல்லோருக்கும் திறந்திருக்கும் கதவு.

இதுவரை வந்ததையே ஒரு நல்ல கண்டுபிடிப்பு என்று மூட்டை கட்டியிருப்பேன். ஸ்டோர்ஸுக்குப் போன பிறகுதான் உண்மையான விஷயம் வந்தது.

கொள்முதல் கட்டுப்பாடுகளில் எல்லோரும் நெஞ்சில் கைவைத்துச் சொல்வது மும்முனைப் பொருத்தம். ஆர்டரில் உள்ள அளவும் விலையும், சரக்குப் பெற்ற குறிப்பில் உள்ள அளவு (ஜி.ஆர்.என். என்றே எல்லோரும் சொல்வோம்), இன்வாய்ஸில் உள்ள அளவும் விலையும், இந்த மூன்றும் ஒத்துப்போனால்தான் பணம் போகும். ஒத்துப்போகாவிட்டால் இன்வாய்ஸ் பிளாக் ஆகும். எங்கள் மென்பொருளில் அளவுக்குச் சகிப்பு எதுவும் கிடையாது. இதைச் சோதனைச் சூழலில் செய்து பார்த்தோம்: 72க்கு ஆர்டர், 72க்கு ஜி.ஆர்.என்., 73க்கு இன்வாய்ஸ். உடனே பிளாக். இயந்திரம் சொன்னபடி வேலை செய்தது. இப்படி முழுக்க இயந்திரம் செய்யும் கட்டுப்பாட்டுக்கு, நிரலை யார் வேண்டுமானாலும் மாற்றிவிட முடியாது என்ற உறுதி தனியாக இருந்தால், ஒருமுறை பார்த்தாலே ஓரளவு போதும். அது திங்கள்கிழமை ஒரு மாதிரியும் வெள்ளிக்கிழமை ஒரு மாதிரியும் நடந்துகொள்ளாது.

நம் ஆர்டரில் நடந்ததைத் தேதிவாரியாகச் சொல்கிறேன். 20ஆம் தேதி 60 பேரிங்குகள் வந்தன, அன்றே 60க்கு ஜி.ஆர்.என். 22ஆம் தேதி சப்ளையரின் இன்வாய்ஸ் பதிவானது, 72க்கு. 12 குறைகிறது என்பதால் பிளாக். 28ஆம் தேதி மாலை 4:52க்கு மீதி 12க்கு இரண்டாவது ஜி.ஆர்.என். பிளாக் தானாக விலகியது. 5:15க்கு மறுநாளுக்கான பணம் செலுத்தும் பட்டியல் உருவானது, அதில் இந்த இன்வாய்ஸும் இருந்தது. 29ஆம் தேதி பணம் போய்விட்டது.

கோப்பாகப் பார்த்தால் ஒரு குறையும் இல்லை. 60ம் 12ம் 72. மூன்று முனையும் பொருந்துகின்றன. என் பழைய பச்சை மை டிக்குகளுக்கு ஏற்ற இடம்.

எனக்கு உறுத்தியது அந்த 4:52. பட்டியல் உருவாவதற்கு 23 நிமிடம் முன்னால் வந்து சேர்ந்த சரக்கு என்பது கொஞ்சம் அதிக அதிர்ஷ்டமாகத் தெரிந்தது. அதனால் ஸ்டோர்ஸில் இல்லாத ஒரு ஆவணத்தைத் தேடிப் போனேன்: வாயிற்காவலரின் கேட் ரிஜிஸ்டர். இது கொள்முதல் நடைமுறையில் எங்கேயும் வராது. யாரும் அதைக் கணினியோடு ஒப்பிடுவதில்லை, அதனாலேயே யாரும் அதைத் திருத்துவதுமில்லை. நீளமான நோட்டு, பேனா மை, வண்டி எண், நேரம், செலான் எண். 20ஆம் தேதி அந்தச் சப்ளையரின் வண்டி இருந்தது. 28ஆம் தேதி இல்லை. இரண்டாவது வண்டி அடுத்த மாதம் 2ஆம் தேதி காலையில் வந்திருக்கிறது. பணம் போன பிறகு.

ஸ்டோர்கீப்பர் முப்பது வருடம் அங்கே இருப்பவர். கேட் நோட்டைக் காட்டி அவரைப் பிடிக்க எனக்கு மனமில்லை. காட்டினால் அவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பேசுவார், நடைமுறையைப் பற்றிப் பேச மாட்டார். “இன்வாய்ஸ் முன்னால வந்து சரக்கு பின்னால வந்தா என்ன பண்ணுவீங்க அண்ணே?” என்று பொதுவாகக் கேட்டேன்.

“அக்கவுண்ட்ஸ்ல இருந்து மெயில் வரும் தம்பி. ஜி.ஆர்.என். பெண்டிங்னு. நான் சப்ளையரைக் கூப்பிட்டுக் கேப்பேன், கிளம்பிட்டாங்களான்னு. கிளம்பிட்டாங்கன்னா போட்டுடுவேன். நமக்குப் பழக்கமான ஆளுங்கதானே. போடலைன்னா மாசக் கடைசில என் பேரு லிஸ்ட்ல வரும்.”

அந்த ‘லிஸ்ட்’ என்ன என்று கேட்டேன். கணக்குத் துறை மாதாமாதம் அனுப்பும் ஓர் எக்செல் கோப்பு: தாமதமான ஜி.ஆர்.என்.கள், பொறுப்பானவரின் பெயரோடு. அதாவது ஒரு கட்டுப்பாட்டை வேகப்படுத்தப் போட்ட அறிக்கை, அந்தக் கட்டுப்பாட்டையே காலி செய்துகொண்டிருந்தது. பிளாக் ஆன இன்வாய்ஸ் என்பது “சரக்கு வரவில்லை, பணம் கொடுக்காதே” என்ற எச்சரிக்கை. அதை எல்லோரும் “ஸ்டோர்ஸில் வேலை பாக்கி” என்று படித்துக்கொண்டிருந்தார்கள்.

கணக்குத் துறையில் அந்த இன்வாய்ஸைக் கையாண்டவரிடமும் உட்கார்ந்தேன். அவருடைய அனுப்பிய மெயில்களில் 26ஆம் தேதியிட்ட ஒன்று: “பி.ஓ. 72, இன்வாய்ஸ் 72, ஜி.ஆர்.என். 60 மட்டுமே. மீதி 12ஐப் பதிவு செய்யவும்.” வந்ததா என்று அவர் கேட்கவில்லை. என்ன எண்ணைப் போட வேண்டும் என்பதை அவரே சொல்லிவிட்டார். ஜி.ஆர்.என்.னே இன்வாய்ஸைப் பார்த்து எழுதப்பட்டால், பொருத்திப் பார்ப்பதில் என்ன மிச்சம்? இன்வாய்ஸை அதன் நகலோடு ஒப்பிட்டுவிட்டு ஒத்துப்போகிறது என்று சொல்வதற்குச் சமம்.

அன்று மதியமே ஒரு வண்டி வந்தது, வேறு சப்ளையருடையது. நான் பேசாமல் ஓரமாக நின்றேன். ஸ்டோர்கீப்பர் ஆர்டர் எண்ணைத் தட்டினார். திரை திறந்ததும் அளவுக் கட்டத்தில் மீதமுள்ள எண்ணிக்கை தானாகவே நிரம்பியிருந்தது. ஆள் பெட்டிகளை இறக்கினார், பெட்டிகளின் எண்ணிக்கை சரியா என்று பார்த்தார், உள்ளே எத்தனை என்று பிரித்துப் பார்க்கவில்லை, ஸ்டோர்கீப்பர் சேமி பொத்தானை அழுத்தினார். ஜி.ஆர்.என். தயார். கையேட்டில் இந்தப் படிக்கு “பெறப்பட்ட சரக்கை எண்ணி, எண்ணிய அளவைப் பதிவு செய்தல்” என்று பெயர்.

இதில் அவருக்கு ஓர் அநியாயம் நடக்கக் கூடாது என்று நினைத்தேன். ஒரு நாளில் அவரிடம் வரும் வண்டிகளுக்கு இரண்டு ஆள். எண்ணிப் பார்க்க ஒதுக்கிய இடம் ஒரு பாதி மேஜை. திரையே விடையை எழுதித் தந்துவிட்டு, தாமதித்தால் பெயரைப் பட்டியலில் போடும்போது, எண்ணிப் பார்ப்பவர் யாராவது இருந்தால்தான் ஆச்சரியம்.

பணம் போகும் கடைசிக் கட்டத்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். அங்கே இரண்டு ஒப்புதல், இரண்டும் வெவ்வேறு ஆட்கள், வெவ்வேறு கடவுச்சொல். சரி. ஆனால் ஈஆர்பி உருவாக்கும் பணக் கோப்பு வங்கித் தளத்துக்கு நேராகப் போகவில்லை. ஒரு பொதுக் கோப்புறையில் இறங்கி, அங்கிருந்து ஒருவர் அதைத் தளத்தில் ஏற்றுகிறார். நோட்பேடில் திறக்கக்கூடிய சாதாரண உரைக் கோப்பு. ஒப்புதல் தருபவர் வங்கித் தளத்தில் பார்ப்பது எத்தனை வரிகள், மொத்தம் எவ்வளவு என்ற இரண்டை மட்டும். நடுவில் யாராவது ஒரு கணக்கு எண்ணை மாற்றினால் வரிகளும் மாறாது, மொத்தமும் மாறாது. கணக்கு எண்களையே கூட்டி ஒரு சரிபார்ப்புக் கூட்டுத்தொகை எடுத்து இரண்டு பக்கமும் ஒப்பிடலாம், அதைவிட நேரடி இணைப்புப் போட்டுவிடலாம் என்று எழுதினேன். எங்கள் 29ஆம் தேதிக் கோப்பில் எதுவும் மாறியிருக்கவில்லை. இந்த ஓட்டை கொள்முதல் துறையின் நடைமுறைப் படத்திலும் இல்லை, நிதித் துறையின் நடைமுறைப் படத்திலும் இல்லை. இரண்டும் கோப்புறையின் இரு கரைகளில் முடிந்துவிடுகின்றன. பின்னாலேயே நடப்பவர் மட்டும்தான் நடுவில் நிற்பார்.

இப்போது அறிக்கை எழுத வேண்டும். இந்த இடத்தில்தான் வாக்த்ரூ செய்பவர்கள் இரண்டு பக்கமும் சறுக்குவதைப் பார்த்திருக்கிறேன். ஒரு பரிவர்த்தனை சுத்தமாக இருந்தால் “கட்டுப்பாடு ஆண்டு முழுவதும் இயங்குகிறது” என்று எழுதிவிடுவது ஒரு சறுக்கல். ஒன்றில் தவறு இருந்தால் “முறையே சீர்கெட்டிருக்கிறது” என்று எழுதுவது இன்னொன்று. ஒன்றே ஒன்றைப் பார்த்த எனக்கு இரண்டையும் சொல்ல உரிமையில்லை. கட்டுப்பாடு எப்படி அமைந்திருக்கிறது, அப்படி ஒன்று நிஜமாகவே இருக்கிறதா என்பது வரைதான் வாக்த்ரூ சொல்லும். எவ்வளவு அடிக்கடி தவறுகிறது என்பதற்கு மாதிரி எடுத்துத்தான் பார்க்க வேண்டும். வாக்த்ரூ கொடுப்பது, எதைத் தேட வேண்டும் என்ற துப்பு.

என் துப்பு தெளிவாக இருந்தது. இன்வாய்ஸ் பிளாக் ஆன பிறகு பதிவான ஜி.ஆர்.என்.கள், அதிலும் பணம் செலுத்தும் பட்டியல் உருவாகும் நாளன்று பதிவானவை. மூன்று மாதத்துக்கு எடுத்ததில் 61 வந்தன. இவை எல்லாமே தவறு என்று சொல்ல முடியாது. இன்வாய்ஸ் மெயிலில் பறந்து வரும், சரக்கு லாரியில் வரும், அதனால் பின்னால் வருவது சகஜம். அதனால் 25ஐ எடுத்து கேட் ரிஜிஸ்டரோடு கையால் ஒப்பிட்டோம். இரண்டு நாள் ஆனது. 16இல் வண்டி முன்னால், பதிவு பின்னால். மீதி 9இல் பதிவு முன்னால், வண்டி பின்னால். அந்த ஒன்பதிலும் சரக்கு கடைசியில் வந்துவிட்டது, அதில் ஒன்றில் மட்டும் இரண்டு பெட்டி குறைவாக. அந்தக் குறையை யாரும் சப்ளையரிடம் கேட்கவில்லை, ஏனென்றால் கணினியின்படி குறையே இல்லை.

முடிவுரைக் கூட்டத்தில் நிதித் தலைவர் “நஷ்டம் எவ்வளவு?” என்று கேட்டார். இரண்டு பெட்டி என்றேன். அவர் முகத்தில் இதற்கா இவ்வளவு என்பது தெரிந்தது. மாதக் கடைசியில் வராத சரக்கை வந்ததாகப் பதிந்தால் இருப்புக் கணக்கும் தவறாகத்தானே இருக்கும் என்று சொன்ன பிறகுதான் நிமிர்ந்தார். 31ஆம் தேதி கணக்கில் இருந்த அந்த 12 பேரிங்குகள் அப்போது வேறெங்கோ சாலையில் இருந்தன. அதற்கு ஆண்டு இறுதித் தணிக்கையாளர்கள் என்ன கேட்பார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

மூன்று மாற்றங்கள் செய்தார்கள். ஆர்டர் திருத்தத்தால் தொகை ஒப்புதல் வரம்பைத் தாண்டினால், சதவீதம் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் மறு ஒப்புதலுக்குப் போகும். தாமதமான ஜி.ஆர்.என். பட்டியலில் ஸ்டோர்கீப்பரின் பெயர் வருவது நின்றது. அதற்குப் பதிலாக, வராத சரக்குக்கு இன்வாய்ஸ் அனுப்பிய சப்ளையரின் பெயர் கொள்முதல் துறைக்குப் போனது. ஜி.ஆர்.என். திரையில் அளவுக் கட்டம் காலியாகவே திறக்கும். ஆர்டரில் எத்தனை என்பதும் அந்தத் திரையில் தெரியாது. எண்ணாமல் நிரப்ப முடியாது என்பது எண்ணம்.

இரண்டு மாதம் கழித்து மறுபடி போனேன். மாற்றம் செய்ததற்கான சான்றாக ஒரு ஸ்கிரீன்ஷாட்டை மெயிலில் அனுப்பியிருந்தார்கள், காலிக் கட்டத்தோடு. அதை வைத்துக் குறிப்பை மூடியிருக்கலாம். ஆனால் மாற்றத்துக்குப் பிறகு பிறந்த ஒரு புதிய ஆர்டரை எடுத்து மறுபடி முதலிலிருந்து நடந்தேன். இண்டென்ட், ஆர்டர், திருத்தம், எல்லாம் ஒழுங்கு. ஸ்டோர்ஸில் ஒரு வண்டிக்காகக் காத்திருந்தேன்.

வண்டி வந்தது. ஸ்டோர்கீப்பர் ஆர்டர் எண்ணைத் தட்டினார். கட்டம் காலியாகத் திறந்தது. டிரைவரைப் பார்த்து, “செலானைக் கொடுப்பா” என்றார். செலானில் 48 என்று இருந்தது. 48 என்று அடித்தார்.

என்னைப் பார்த்துச் சிரித்தார். “வண்டிக்காரர் கையில இருக்குற பேப்பரை என்ன பண்ணப் போறீங்க தம்பி?”

அது அடுத்த அறிக்கைக்குப் போனது. இப்போது செலான் வாயிலிலேயே வாங்கி வைக்கப்படுகிறது, ஜி.ஆர்.என். பதிவான பிறகுதான் ஸ்டோர்ஸுக்கு வருகிறது. ஸ்டோர்ஸில் ஒரு முழு மேஜையும், எடை வைத்து எண்ணும் ஒரு தராசும் வந்திருக்கின்றன. இன்னும் ஒருமுறை நடந்து பார்க்கவில்லை. அடுத்த காலாண்டுத் திட்டத்தில் இருக்கிறது.